ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏழு சென்ட்: பழமா, டீயா, பார்க்கிங்கா?

கேள்வி: திண்டிவனம் தாண்டி மேல்மருவத்தூர் போகிற வழியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எங்களுக்கு 7 சென்ட் இருக்கிறது. சென்னை போகும் பக்கம். அதில் ஒரு பழைய தகரக் கொட்டகை. ஒரு ஓரத்தில் ஊருக்குள் போகும் தார் ரோடு பிரிகிறது. நாள் முழுக்க வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பழக்கடை போடலாமா, டீக்கடையா, இல்லை வண்டி நிறுத்த வாடகைக்கு விடலாமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்:

பழக்கடை போடுங்கள். முதலில் தர்பூசணி சீசனுக்கு மட்டும், வீட்டு ஆட்களை வைத்து நடத்துங்கள். வண்டி நுழையும் வாசலை நெடுஞ்சாலைப் பக்கம் வைக்காமல் அந்த ஊர் ரோட்டுப் பக்கம் வையுங்கள். டீ பிறகு வரட்டும். பார்க்கிங்கைத் தனித் தொழிலாக நினைக்கவே வேண்டாம்.

கேள்வியில் வண்டி எண்ணிக்கையையும் அனுமதியையும் இரண்டு விஷயமாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சாலையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: வேகமாக வருகிற கார் எங்கே ஒதுங்கும்? அதற்கு விடை இருந்தால் வியாபாரமும் உண்டு, அதிகாரியிடம் பேச வழியும் உண்டு. இல்லையென்றால் லட்சம் வண்டி போனாலும் உங்களுக்குப் புழுதிதான் மிஞ்சும்.

முதலில் நிலம். "சாலையை ஒட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். தார் ஓரத்திலிருந்து உங்கள் பட்டா நிலம் தொடங்காது. நடுவில் நெடுஞ்சாலைக்காகக் கையகப்படுத்திய நிலம் இருக்கும். வடிகால், மண் ஓரம், புளியமரம், கேபிள் எல்லாம் அதற்குள்தான் வரும். சில இடங்களில் எல்லைக்கல் நட்டிருப்பார்கள். புதர் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அந்த இடைப்பட்ட மண்ணைத்தான் பலர் தங்கள் வாசல் என்று நினைத்துக் கூடையை அடுக்குகிறார்கள். நாளைக்கு ஜே.சி.பி. வந்தால் முதலில் போவது அந்தக் கூடைதான்.

eservices.tn.gov.in தளத்தில் உங்கள் புல எண்ணைப் போட்டு பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது உங்கள் புலத்தில் ஒரு துண்டு போயிருந்தால் அது தனி உட்பிரிவு ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் பட்டாவில் பழைய பரப்பளவே நிற்பதும் உண்டு. அப்பா காலத்து 7 சென்ட் இப்போது தரையில் 5 சென்ட்டாக இருக்கலாம். எனவே பணம் கட்டி எஃப்-லைன் மனு போடுங்கள். நில அளவர் வந்து அத்து காட்டுவார். நெடுஞ்சாலைப் பக்கத்து எல்லையை அவர் முன்னாலேயே கல் ஊன்றி, கையோடு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் எவர் வந்து கேட்டாலும் பேச்சு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கும்.

கொட்டகையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி ஒன்று இருக்கிறது. சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர்வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர்வரை கட்டுப்பாட்டோடுதான் கட்டலாம் என்பது அதன் கணக்கு. நெடுஞ்சாலை நிலம் நடுவிலிருந்து 30 மீட்டரில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் சொந்த நிலத்திலேயே முன்பக்கம் 10 மீட்டருக்குப் புதிதாகச் சுவர் எழுப்ப அனுமதி கிடைப்பது கடினம். அதனால் பழைய கொட்டகையை இடித்துவிட்டு கான்கிரீட் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தகரத்தை மாற்றி, தாங்கும் கால்களை வலுப்படுத்தி, பின்னால் சரக்கு வைக்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் முன்னால், சக்கரம் வைத்த மேசையிலோ தள்ளுவண்டியிலோ நடக்கட்டும். மழைக்கும் அதிகாரிக்கும் உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

அடுத்தது வாசல். நிலம் உங்களுடையது என்பதால் அதிலிருந்து தேசிய நெடுஞ்சாலைக்கு நேராக வண்டி ஏற்றி இறக்கும் உரிமை தானாக வந்துவிடாது. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதற்கு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மனு போகும் இடம், அந்தப் பகுதியைப் பார்க்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர் அலுவலகம். பெட்ரோல் பங்க், பெரிய உணவகம் வைப்பவர்கள் இந்த அனுமதிக்காக வரைபடம் போட்டு, வேகம் குறைத்து நுழைய ஒரு தடம், வேகம் பிடித்து வெளியேற ஒரு தடம் என்று பிரித்துக் காட்டி, கட்டணமும் கட்டுகிறார்கள். 60 அடி முகப்பு வைத்திருக்கிற ஒருவருக்கு அந்தத் தடங்களைப் போடவே இடம் இருக்காது. உங்கள் முன்னால் இரும்புத் தடுப்பு ஓடுகிறது என்றால் பேச்சே இல்லை. அதை அறுத்து வழி செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு.

இங்கேதான் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தார் ரோடு முக்கியமாகிறது. அது ஏற்கெனவே இருக்கிற சந்திப்பு. சென்னை போகும் கார் அங்கே இடது பக்கம் திரும்பி ஊர் ரோட்டுக்குள் நுழையலாம். போகும்போது மறுபடி இடது பக்கம் திரும்பி நெடுஞ்சாலை ஏறலாம். எங்கும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை, நெடுஞ்சாலையில் புதிய திறப்பும் தேவையில்லை. உங்கள் வாசல் ஊர் ரோட்டில், முனையிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். முனையிலேயே வைத்தால் மூன்றாவது காரின் பின்பக்கம் நெடுஞ்சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். மனையின் ஆழம் 50 அடி என்றால் பின் மூலையில் வாசல் வைத்தால் ஓரளவு தாங்கும்.

அந்த ரோடு யாருடையது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். ஊராட்சி ரோடாகவோ ஒன்றியத்து ரோடாகவோ இருந்தால் எழுத்தில் ஒரு மனு கொடுத்து, வடிகாலில் சிமென்ட் குழாய் போட்டு மண் நிரப்பி வாசல் அமைக்க ஒப்புதல் வாங்குங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடாக இருந்தால் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகம். வாய்ப்பேச்சில் "போட்டுக்கப்பா" என்று சொன்னதை நம்பிக் குழாய் இறக்காதீர்கள். தலைவர் மாறினால் வார்த்தையும் மாறும்.

சரி, இப்போது வண்டிக் கணக்கு. நாள் முழுக்க வண்டி போகிறது என்றால் அதில் பாதியை இப்போதே கழித்துவிடுங்கள். நடுவில் அரளி வைத்த தடுப்பு இருக்கிறது. திருச்சி பக்கம் போகிறவருக்கு உங்கள் கடை வேறு ஊர். மீதியில் அரசுப் பேருந்து ஒப்பந்தம் போட்ட உணவகத்தில்தான் நிற்கும், ஆம்னியும் அப்படித்தான். கன்டெய்னரும் டேங்கரும் பழம் வாங்க நிற்பதில்லை. பழத்துக்கு எண்ண வேண்டியது உங்கள் பக்கம் போகும் காரும் வேனும் மட்டும்.

எந்தத் திசைக்கு என்ன விற்கும் என்பதை இந்தச் சாலையில் நன்றாகப் பார்க்கலாம். வெள்ளி இரவும் சனி காலையும் சென்னையிலிருந்து ஊருக்குப் போகிறவருக்கு அவசரம், பசி. அவருக்கு டீயும் இட்லியும் வேண்டும். ஞாயிறு மாலை சென்னை திரும்புகிறவர் வேறு மனநிலையில் இருப்பார். டிக்கியில் இடம் இருக்கும், வீட்டில் ஃபிரிட்ஜ் காலியாக இருக்கும், நகரத்தை விட இங்கே மலிவு என்ற எண்ணமும் இருக்கும். ஐந்து கிலோ காயைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். உங்கள் மனை சென்னை போகும் பக்கம் இருப்பதால்தான் முதல் வரியிலேயே பழம் என்றேன். எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் டீ என்று சொல்லியிருப்பேன்.

எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள். ஒரு வேலை நாளில் காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரு மணி நேரம், ஞாயிறு மாலை 4 முதல் 8 வரை முழுதாக. பொங்கல், தீபாவளி முடிந்து திரும்பும் நாளில் எண்ணினால் கணக்கு ஏமாற்றும், அதைத் தனியாக வையுங்கள். அதன் பிறகு இதே பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிற ஒரு பழக்கடைக்கு எதிரே அதே ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை கார் போனதற்கு எத்தனை நின்றது என்று பாருங்கள். இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்குச் சோறு போடும் எண்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எல்லாமே கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் நோட்டில் இருப்பதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை மணிக்கு 900 கார், நான்கு மணி நேரத்துக்கு 3,600. இருநூறில் ஒரு கார் நின்றால் 18 கார். ஒரு காருக்குச் சராசரி 150 ரூபாய் வியாபாரம் என்றால் 2,700 ரூபாய். தோட்டத்திலேயே காய் வாங்கி, அழுகல் கழிவு போக நூற்றுக்கு 35 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்தால் 945 ரூபாய். மற்ற நாட்களில் மணிக்கு 200 கார், எட்டு மணி நேரம், 1,600 கார், எட்டு கார் நிற்கும், 1,200 ரூபாய் வியாபாரம், 420 ரூபாய் மிச்சம். ஆறு நாளும் ஞாயிறும் சேர்த்து வாரத்துக்கு 3,465 ரூபாய். ஒரு ஆளைத் தினம் 500 ரூபாய் கூலிக்கு வைத்தால் 3,500 ரூபாய். முடிந்தது கதை.

இதே கணக்கில் நூறில் ஒரு கார் நிற்கும்படி செய்துவிட்டால் 6,930 ரூபாய் ஆகிறது, கூலி போகவும் பாதி மிஞ்சும். வண்டி எண்ணிக்கையை உங்களால் கூட்ட முடியாது. நிற்கும் விகிதத்தைக் கூட்ட முடியும், அதற்கு வழி கண்ணில் படுவதுதான்.

90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. பழத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் "வாங்கலாமா" என்று கேட்டு, கண்ணாடியில் பின்னால் பார்ப்பதற்குள் நான்கு வினாடி, அதாவது 100 மீட்டர் போய்விடும். அப்புறம் குலுக்காமல் வேகத்தைக் குறைத்துத் திரும்ப இன்னும் ஏறக்குறைய 150 மீட்டர். ஆக, 250 மீட்டர் முன்னாலேயே உங்கள் கடை தெரிய வேண்டும். திண்டிவனம் பக்கமாக அவ்வளவு தூரம் போய், காரில் உட்காரும் உயரத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். கொட்டகை தெரிகிறதா, இல்லை மரமும் விளம்பரப் பலகையும் மறைக்கிறதா? தெரியவில்லை என்றால் கடையைத் தாண்டிய பிறகுதான் அவர் பார்ப்பார். தாண்டியவர் திரும்பி வர மாட்டார். சிலர் பின்னாலேயே ரிவர்ஸ் எடுப்பார்கள், அதை நீங்கள் விரும்பக் கூடாது.

பலகையை 250 மீட்டர் முன்னால் நெடுஞ்சாலை நிலத்தில் நட முடியாது, பிடுங்கிவிடுவார்கள். அந்தத் தூரத்தில் தெரிந்தவர் நிலம் இருந்தால் அவர் சம்மதத்தோடு அவர் எல்லைக்குள் வைப்பது நல்லது. அதற்கும் விளம்பர அனுமதி வேண்டுமா என்று ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி நம்ப வேண்டியது குவியலைத்தான். பத்துக் காயை மேசையில் வைப்பதற்கும் மூன்று அடுக்குப் படியில் நூறு காயை ஏற்றி, மேலே வெட்டிய ஒரு சிவப்புப் பாதியை நிறுத்துவதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியும். ஒன்றே ஒன்று, சந்திப்பின் முனையில் குவிக்காதீர்கள். ஊரிலிருந்து பைக்கில் வருகிறவருக்கு நெடுஞ்சாலை தெரியாமல் போகும். முனையை விட்டுப் பின்னால் தள்ளி, உயரமாக வையுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்கள் மனை சாலைக்கு மேற்கே, கடை முகம் கிழக்கே. காலை வெயில் நேராகக் காயின் மேல் விழும். தர்பூசணி சூடேறினால் உள்ளே குழைந்துவிடும், அதனால் முன்பக்கம் பச்சை வலை கட்டாயம். மாலையில் சூரியன் கடைக்குப் பின்னால் போய்விடுவதால், உங்கள் வியாபார நேரத்தில் கடை முகம் இருட்டாக இருக்கும். ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டுவிட வேண்டும்.

விளக்கு என்றதும் மின்சாரம். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பம்புசெட் இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடத் தோன்றும். இலவச விவசாய மின்சாரத்தைக் கடைக்கு எடுத்தால் அது மின் திருட்டு, அபராதத்தில் ஒரு சீசன் லாபம் போகும். வீட்டு இணைப்பிலிருந்தும் எடுக்கக் கூடாது. வணிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். சீசனுக்கு மட்டும் என்றால் பேட்டரி விளக்கோ சோலார் விளக்கோ போதும்.

பழக்கடைக்கான மற்ற தாள்கள் சுலபம். உணவுப் பாதுகாப்புப் பதிவு foscos.fssai.gov.in தளத்தில்; சிறு கடைக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. ஊராட்சியில் தொழில் வரி, உரிமம் பற்றி அந்தந்த நேரத்து விதியைச் செயலரிடம் கேட்டு, ரசீது வாங்கிக் கடையில் மாட்டுங்கள்.

துண்டு போட்டு விற்பதா, முழுக் காய் மட்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள். துண்டு போட்டால் கார்காரர் இறங்கி நிற்பார், நிற்கிற காரைப் பார்த்து இன்னொரு கார் நிற்கும். ஆனால் ஈ, ஐஸ், தண்ணீர், குப்பை எல்லாம் உங்கள் தலையில். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று கிளம்பிய பேச்சில் காய் விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதிலிருந்து வாங்குகிறவருக்கு ஒரு சந்தேகக் கண் இருக்கிறது. முன்கூட்டியே வெட்டி அடுக்காமல் அவர் தேர்ந்தெடுத்த காயை அவர் முன்னால் வெட்டுங்கள். பின்னால் மாம்பழம் சேர்த்தால் கார்பைட் கல் பக்கமே போகாதீர்கள், அது தடை செய்யப்பட்டது.

டீயை ஏன் தள்ளிப் போட்டேன் என்றால், டீக்கடை வழிப்போக்கரை நம்பி ஓடாது. தினம் இரண்டு வேளை வருகிற உள்ளூர்க்காரர்தான் அதன் முதுகெலும்பு. வயல் வேலைக்குப் போகிறவர், பஞ்சர் கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிறவர். உங்கள் ஊர் ரோட்டு முனையில் பஸ் நிற்கிறதா, காலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கணிசமான கூட்டம் இருந்தால் டீ ஓடும். ஆனால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்துத்தான் வருவார்கள் என்றால் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டீ என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மாஸ்டர், நல்ல தண்ணீர், வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் பிடிப்பார்கள். அதோடு கார் குடும்பம் இறங்கியதும் முதல் கேள்வி "டாய்லெட் இருக்கா" என்பதுதான். சுத்தமான ஒரு கழிப்பறை இருந்தால் பெண்கள் இருக்கும் வண்டி நிற்கும், இல்லாவிட்டால் டிரைவர் மட்டும் இறங்கி டீ குடித்துவிட்டுப் போவார். கழிப்பறை கட்டுவது என்றால் மறுபடி அந்த 40 மீட்டர் கோடு வரும், கொட்டகைக்குப் பின்னால்தான் இடம் தேட வேண்டும்.

பார்க்கிங் கணக்கு சுருக்கமானது. 7 சென்ட் என்பது ஏறக்குறைய 3,050 சதுர அடி. மேசை, கொட்டகை, திரும்பும் இடம் போனால் ஆறேழு கார் நிற்கும். லாரி உள்ளே வந்தால் திரும்ப முடியாமல் பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும், அந்தச் சந்திப்பில் அதை அனுமதிக்கவே கூடாது. கார்காரர் சாலையோரத்தில் நிறுத்தக் காசு கொடுக்க மாட்டார். மேல்மருவத்தூர் விசேஷ நாட்களில் செவ்வாடை பக்தர்களின் வேன்கள் இடம் தேடும் என்பது உண்மை, ஆனால் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லாத மனைக்கு அந்த வேன் வராது. எனவே அந்த ஆறேழு கார் இடத்தைப் பழம் வாங்குகிறவருக்கு இலவசமாகவே விடுங்கள். தரையில் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிவிடுங்கள். சேறு தெரிந்தால் கார் உள்ளே இறங்காது.

தார் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே யாராவது காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தால், வியாபாரம் போனாலும் பரவாயில்லை, உள்ளே போடச் சொல்லுங்கள். அந்த ஓரத்தில் நிற்கும் வண்டியின் பின்னால் தூக்கக் கலக்கத்தில் லாரி வந்து மோதுவதுதான் நெடுஞ்சாலையில் திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து. ஒரு தடவை நடந்தால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கார் எந்தக் கடைக்காக நின்றது என்பதுதான். வாசல் இருக்கும் திசையை அம்புக்குறி போட்டு, கடையிலிருந்து தெரியும்படி இல்லாமல் வரும் காரிலிருந்து தெரியும்படி எழுதி வையுங்கள்.

இந்தப் பக்கத்தில் தர்பூசணி மாசியில் வரத் தொடங்கிச் சித்திரைவரை ஓடும். அதனால் அளவை மனுவை ஐப்பசி, கார்த்திகையிலேயே போட்டுவிடுங்கள். அத்து காட்டித் தர நாளாகும். அதே நேரத்தில் திட்ட இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் புல எண்ணைக் கொடுத்து, சாலை விரிவாக்கத்துக்கு அறிவிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் கிராவலும் குழாயும்கூட வேண்டாம், அந்த ஒரு சீசனைத் தள்ளுவண்டியோடு நடத்திவிட்டு, கொட்டகையின் படத்தையும் அளவையும் இழப்பீட்டுக் கணக்குக்காக எடுத்து வையுங்கள்.